"உண்மையாக இருந்தாலும்": கம்பெனியை விட்டு வரும்போது நான் போட்ட கையெழுத்து

ஒப்பந்தம் மொத்தம் ஒன்பது பக்கம். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களிலெல்லாம் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டித்தான் எச்.ஆர். மேலாளர் கொடுத்தார். "ஸ்டாண்டர்டு ஃபார்மட்தான் சார், எல்லாருக்கும் இதேதான். இன்னைக்கே போட்டுக் கொடுத்துட்டீங்கன்னா வெள்ளிக்கிழமை முதல் தவணை அக்கவுன்ட்ல ஏறிடும்" என்றார். எனக்கும் பணம் அவசரம்தான். ஆனாலும் ஒரு ராத்திரி வைத்துப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். அந்த ஒரு ராத்திரி பதினெட்டு நாளாக நீண்டது. ஏழாம் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு பத்திதான் காரணம்.

மேலே போவதற்கு முன் ஒன்று. கம்பெனியின் பெயரையும் ஊரையும் சொல்லப்போவதில்லை. தொழிலையும் மாற்றியிருக்கிறேன், உணவுப்பொருள் பொட்டலம் கட்டும் ஆலை என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் அங்கே தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். சில தேதிகளையும் நகர்த்தியிருக்கிறேன். இவ்வளவு ஜாக்கிரதை எதற்கு என்பது கடைசியில் தெரியும்.

நடந்தது சுருக்கமாக இது. கடைகளிலிருந்து திரும்பி வந்த பொட்டலங்களில் பழைய தேதியை மறைத்துப் புதுத் தேதி ஒட்டுகிறார்கள் என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதமே வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். இரண்டு வருட ஊக்கத்தொகை நின்றது. பிறகு ராஜினாமா செய்யச் சொன்னார்கள், நான் மறுத்தேன், வக்கீல் கடிதங்கள் போய் வந்தன. கடைசியில் ஆறு மாதச் சம்பளம் தருகிறோம், பிரச்சினையை முடித்துக்கொள்ளலாம் என்று வந்து நின்றார்கள். பாதி கையெழுத்தானதும், மீதி ஒரு வருடம் கழித்து. இந்த "ஒரு வருடம் கழித்து" எதற்கு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஏழாம் பக்கத்துப் பத்தியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "பணியாளர் நேரடியாகவோ மறைமுகமாகவோ, வாய்மொழியாகவோ எழுத்திலோ, எந்த ஊடகத்திலும், எக்காலத்திலும், நிறுவனம், அதன் இயக்குநர்கள், அதிகாரிகள், ஊழியர்கள், தயாரிப்புகள், சேவைகள் ஆகியவற்றின் நற்பெயருக்குக் குந்தகம் விளைவிக்கக்கூடிய எந்தக் கூற்றையும், அது உண்மையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த மூன்றாம் நபரிடமும் தெரிவிக்கவோ, பிறர் தெரிவிக்கத் தூண்டவோ கூடாது."

இதைத்தான் நான்-டிஸ்பாரேஜ்மென்ட் கிளாஸ் என்கிறார்கள். குறைகூறாமை ஷரத்து என்று சொல்லிக்கொள்ளலாம். நான் இதை முதலில் படித்தபோது, "சரி, பொய் சொல்லக் கூடாது என்கிறார்கள், நாம் எங்கே பொய் சொல்லப் போகிறோம்" என்றுதான் நினைத்தேன். என் வக்கீல் மேடம் பேனாவை எடுத்து "உண்மையாக இருந்தாலும்" என்ற இடத்தில் வட்டம் போட்டார்.

"அவதூறு வழக்குன்னா நீங்க சொன்னது உண்மைன்னு நிரூபிச்சா பெரும்பாலும் தப்பிச்சிடலாம். இது அவதூறு இல்ல. இது நீங்க காசு வாங்கிட்டுக் கொடுக்கிற வாக்கு. கோர்ட்ல கேக்கப்போற கேள்வி, சொன்னது உண்மையா பொய்யான்னு இல்ல. பேச மாட்டேன்னு சொல்லிட்டுப் பேசினீங்களா இல்லையான்னுதான்."

நான் இந்த விஷயத்தில் தெரிந்துகொண்டதில் பாதி இந்த ஒரு பதிலில் இருக்கிறது. கையில் ஆதாரம் இருக்கிறது, மின்னஞ்சல் இருக்கிறது, சாட்சி இருக்கிறது என்ற தைரியத்தில்தான் பலரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு பேசுகிறார்கள். ஆதாரம் அவதூறு வழக்கில்தான் கவசம். இந்த ஷரத்தின் முன் அது செல்லாக்காசு. சொல்லப்போனால், "ஆமாம், சொன்னேன், இதோ ஆதாரம்" என்று எடுத்து நீட்டுவதே மீறியதற்கான ஒப்புதலாகிவிடும்.

அந்தச் சொற்களையே நீக்கிவிட்டால் என்ன என்று கேட்டேன். கேட்டுப் பார்த்தோம். "தெரிந்தே சொல்லும் பொய்யான கூற்றுகள்" என்று மாற்றி அனுப்பினார் மேடம். கம்பெனி வக்கீல் ஒரே வரியில் மறுத்துவிட்டார். பொய் சொன்னால் பிடிக்க அவதூறுச் சட்டமே இருக்கிறது, அதற்கு எதற்கு ஆறு மாதச் சம்பளம் தர வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அவர்கள் விலைகொடுத்து வாங்குவதே உண்மையின் மேல் ஒரு பூட்டைத்தான். கசப்பான விஷயம், ஆனால் அதைப் புரிந்துகொண்டபின் பேரம் பேசுவது சுலபமாயிற்று. பூட்டை எடுக்கச் சொல்லி மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, எந்தெந்தக் கதவுக்குப் பூட்டு, எத்தனை நாளுக்குப் பூட்டு என்று பேச ஆரம்பித்தோம்.

காலத்தில் வெற்றி கிடைத்தது. "எக்காலத்திலும்" போய், கையெழுத்திட்ட நாளிலிருந்து இரண்டு வருடம் என்றானது. அடுத்தது, இதே வாக்கை அவர்களும் எனக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டோம். "ஆயிரம் பேர் வேலை செய்யும் கம்பெனி, யார் எங்கே என்ன பேசுவார்கள் என்று நாங்கள் எப்படிப் பொறுப்பேற்க முடியும்" என்றார்கள். அதில் நியாயம் இருக்கிறது. கம்பெனி என்பது பேசாது, ஆட்கள்தான் பேசுவார்கள். "கம்பெனி குறை கூறாது" என்று பொதுவாக எழுதி வாங்கினால், நாளைக்கு என் பழைய மேனேஜர் யாரிடமாவது என்னைப் பற்றித் தாறுமாறாகப் பேசினால், "அது அவர் சொந்தக் கருத்து" என்று கழன்றுகொள்வார்கள். எனவே மேடம் பதவிகளைக் குறிப்பிட்டு எழுதினார்: நிர்வாக இயக்குநர், ஆலை மேலாளர், எச்.ஆர். தலைவர், என் நேரடி மேலதிகாரிகள் இருவர். இந்த ஐந்து பேரும் பேசக் கூடாது என்று கம்பெனி எழுத்து மூலம் அறிவுறுத்த வேண்டும், அவர்கள் பேசினால் கம்பெனி பேசியதாகவே கொள்ளப்படும். இதற்கு ஒப்புக்கொண்டார்கள்.

அதோடு ஒரு இணைப்புத் தாள். வேறு கம்பெனிக்காரர்கள் என்னைப் பற்றி விசாரித்தால் என்ன சொல்வார்கள் என்பதை அப்படியே வார்த்தை வார்த்தையாக அதில் எழுதினோம்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, "பரஸ்பர ஒப்புதலின் பேரில் விலகினார்." இதே வாக்கியத்தைத்தான் நானும் சொல்ல வேண்டும். சின்ன விஷயமாகத் தெரிந்தது. பின்னால் அதிகம் பயன்பட்டது இந்தத் தாள்தான்.

அதிக நாள் இழுத்தது விதிவிலக்குப் பத்தி. அவர்கள் வரைவில் இப்படி இருந்தது: "சட்டம் கட்டாயப்படுத்தும் சந்தர்ப்பங்களுக்கு இப்பிரிவு பொருந்தாது." படித்தால் குறையேதும் தெரியாது. சட்டம் கேட்டால் சொல்லலாம் என்றுதானே இருக்கிறது? மேடம் என்னைக் கேட்டார்: "சம்மன் வந்தா நீங்க போயி சொல்வீங்க, அதுக்கு இது போதும். சம்மன் வராம, நீங்களா போயி உணவுப் பாதுகாப்பு அதிகாரிகிட்ட ஒரு புகார் கொடுக்கணும்னா? யாரு உங்கள கட்டாயப்படுத்தினாங்க?"

கட்டாயப்படுத்தப்பட்டுச் சொல்வது வேறு, தானாகப் போய்ச் சொல்வது வேறு. அவர்கள் வரைவு முதலாவதை மட்டும் விட்டுவைத்தது. புகார் கொடுத்தால்தான் விசாரணை வரும், விசாரணை வந்தால்தான் சம்மன் வரும். புகாரைத் தடுத்துவிட்டால் சம்மனுக்கு வழியே இல்லை. அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் ஏழு மின்னஞ்சல்கள் போய் வந்தன. கடைசியில் வந்து நின்ற வாசகம்: "சட்டப்படி அதிகாரம் பெற்ற எந்த அமைப்பிடமும் தாமாகவோ அழைப்பின் பேரிலோ புகார் அளிப்பதையும், தகவல் தருவதையும், விசாரணையில் ஒத்துழைப்பதையும், உண்மையான வாக்குமூலம் அளிப்பதையும், தம் வழக்கறிஞர், மருத்துவர், வாழ்க்கைத்துணை ஆகியோரிடம் பேசுவதையும் இந்த ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவும் தடுக்காது." இதில் "தாமாகவோ" என்பதுதான் நாங்கள் வாங்கிய சொல். "எந்தப் பிரிவும்" என்பதும் முக்கியம். "இந்தப் பிரிவு" என்று மட்டும் இருந்தால், பக்கத்துப் பிரிவான ரகசியக் காப்பு ஷரத்தைக் காட்டி வாயை அடைக்கலாம்.

இப்படி எழுதாமல் விட்டாலும் சட்டமே காப்பாற்றாதா என்று கேட்கலாம். நாட்டைப் பொறுத்தது. பிரிட்டனில் 1996ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டத்தின் 43ஜே பிரிவு, பொதுநலன் கருதிச் செய்யும் பாதுகாக்கப்பட்ட வெளிப்படுத்தலைத் தடுக்கும் ஷரத்து அந்த அளவில் செல்லாது என்று நேரடியாகவே சொல்கிறது. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் வந்த சட்டம் ஒன்று, பாலியல் துன்புறுத்தல் பற்றிப் பேசுவதைத் தடுக்கும் ஷரத்துகளைச் செல்லாததாக்கியது. ஆனால் பிரச்சினை எழுவதற்கு முன்பே, வேலைக்குச் சேரும்போது போட்ட கையெழுத்துக்குத்தான் அது பொருந்தும். தகராறு வந்தபின் செட்டில்மென்டில் போடும் கையெழுத்தை அது தொடுவதில்லை. அதே நாட்டில் 2023 பிப்ரவரியில் தேசிய தொழிலாளர் உறவு வாரியம், விலகும் ஊழியர்களுக்கு இப்படி விரிந்த ஷரத்தை நீட்டுவதே சட்டமீறல் என்று முடிவு செய்தது. அதுவும் சாதாரண ஊழியர்களுக்குத்தான், மேலாளர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் கிடையாது. விசிட்டிங் கார்டில் என்ன பதவி இருக்கிறது என்பதைவிட உண்மையில் ஆட்களை மேய்த்தீர்களா என்பதுதான் அங்கே கேள்வி.

ஆக, "இந்த மாதிரி ஷரத்தெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். சில துண்டுகள் நிற்காது, மீதி நன்றாகவே நிற்கும். ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிவிட்டால் எது நிற்கும் எது நிற்காது என்று வழக்காடிக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த ஏழு மின்னஞ்சலுக்கு மேடம் வாங்கிய கட்டணம் அதற்குத்தான்.

கையெழுத்துப் போட்டாயிற்று, பணம் வந்தது. போடும்போது ஒன்றை மறந்துவிட்டோம், ஒரு வாரத்தில் அது வந்து நின்றது. நான் முன்பு எழுதியவை! ஒப்பந்தத்துக்கு நான்கு மாதம் முன், ஆத்திரத்தில், வேலை பற்றி மதிப்பீடு எழுதும் ஒரு தளத்தில் பெயர் போடாமல் இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அது அப்படியே இருந்தது. கையெழுத்துக்கு முன் எழுதியது மீறலா? எழுதியது முன்னால், ஆனால் இன்றைக்கும் எல்லோரும் படித்துக்கொண்டிருக்கிறார்களே? ஷரத்தில் இதற்கு விடை இல்லை. எச்.ஆரிடமிருந்து மிகவும் மரியாதையான மின்னஞ்சல் ஒன்று வந்தது, "அந்தப் பதிவு தங்களுடையது என்று கருதுகிறோம்" என்று. பெயர் போடாவிட்டால் என்ன, மூன்றாம் ஷிஃப்டில் தரக்கட்டுப்பாடு என்று எழுதியிருந்தேன், அந்த ஷிஃப்டில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். நீக்கிவிட்டேன். பழைய பதிவுகளை என்ன செய்வது, எத்தனை நாளுக்குள் எடுப்பது, அதுவரை அது மீறல் ஆகாது என்று முன்பே ஒரு வரி எழுதியிருந்தால் அந்த வாரம் எனக்குத் தூக்கம் போயிருக்காது.

அடுத்த சோதனை நேர்முகத் தேர்வு. "ஏன் வெளியே வந்தீங்க?" என்ற கேள்வி வராத இடம் இல்லை. முதல் தேர்வில் நான் புத்திசாலித்தனமாக நினைத்துக்கொண்டு, "அதைப் பற்றிப் பேசக் கூடாதுன்னு ஒப்பந்தம் இருக்கு சார்" என்றேன். எதிரே இருந்தவர் புருவத்தை உயர்த்தினார். வெளியே வந்து மேடத்திடம் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஒப்பந்தம் இருக்கிறது என்ற தகவலே ரகசியம் என்று ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது. தவிர, "சொல்லக் கூடாது" என்பதே "சொல்லும்படி இல்லாத எதுவோ நடந்திருக்கிறது" என்று சொல்வதுதானே. மறைமுகமாக என்ற சொல் அதற்குத்தான் இருக்கிறது.

அதன்பின் இணைப்புத் தாளின் வாக்கியத்தை அப்படியே சொல்லப் பழகினேன். "பரஸ்பர ஒப்புதலின் பேரில் விலகினேன்." சொல்லிவிட்டு நிறுத்தாமல், அங்கே நான் அமைத்த பரிசோதனை முறையைப் பற்றி உடனே பேச்சை எடுத்துவிடுவேன். குரலில் ஒரு பெருமூச்சு, உதட்டில் ஒரு சுளிப்பு வந்தால்கூடப் போதும், கேட்பவர் புரிந்துகொள்வார் என்பதால் வீட்டில் கண்ணாடி முன் நின்றே சொல்லிப் பார்த்தேன். சிரிப்பாக இருக்கிறது இப்போது நினைத்தால். மூன்றாவது தேர்வில் வேலை கிடைத்தது.

என்னோடு ஒரே சமயத்தில் வெளியே வந்த ஒரு தம்பியின் கதை வேறு மாதிரி போனது. அவன் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய அன்றே கையெழுத்துப் போட்டவன். முன்னாள் ஊழியர்களுக்கென்று ஒரு வாட்ஸாப் குழு உண்டு, நூற்றுச் சொச்சம் பேர். அதில் யாரோ "என் மச்சானுக்கு அங்கே ஆஃபர் வந்திருக்கு, சேரலாமா?" என்று கேட்க, இவன் "அங்க சேர்றதும் கிணத்துல குதிக்கிறதும் ஒண்ணு" என்று போட்டிருக்கிறான். பன்னிரண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். ஒருவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தார்.

பதினைந்து நாளில் வாங்கிய செட்டில்மென்ட் முழுவதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும், தர வேண்டிய மீதித் தவணையும் ரத்து என்று நோட்டீஸ் வந்தது. "அண்ணா, ஒரு வரிண்ணா, அதுவும் எல்லாரும் நம்ம ஆளுங்க இருக்கிற குரூப்ல" என்று போனில் அழாத குறை. அவனை மேடத்திடம் கூட்டிப் போனேன்.

அவர் ஷரத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூடிய குழு என்பது உதவுமா? உதவாது. ஷரத்தில் "பொதுவெளி" என்று எங்கும் இல்லை, "எந்த மூன்றாம் நபரிடமும்" என்றுதான் இருக்கிறது. கம்பெனியும் இவனும் தவிர எல்லோரும் மூன்றாம் நபர்தான், பழைய சகாக்கள் உட்பட. அது வெறும் அபிப்பிராயம், தகவல் இல்லை என்று வாதாடலாமா? அவதூறு வழக்கானால் அதற்கு எடை உண்டு. இங்கே "எந்தக் கூற்றும்" என்றிருப்பதால் அபிப்பிராயமும் மாட்டிக்கொள்கிறது. மீறல் இல்லை என்று சாதிப்பது கஷ்டம் என்று அவனிடம் நேரடியாகவே சொல்லிவிட்டார். அவன் முகம் செத்துப்போனது.

ஆனால் மீறியது வேறு, மீறலுக்கு என்ன விலை என்பது வேறு. அங்கேதான் பிடி கிடைத்தது. ஒரு வரிக்கு முழுத் தொகையும் திரும்ப என்பது, நடந்த நஷ்டத்துக்கான ஈடா, தண்டனையா? பல நாட்டு நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியைக் கேட்கும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவை எடுத்துக்கொண்டால், மீறினால் இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகை உச்சவரம்புதான். அதற்கு மேற்படாமல் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். மேடம் பதில் நோட்டீஸில் இதைத்தான் பிடித்தார். அந்த மச்சான் உண்மையில் சேராமல் போனாரா, அதனால் கம்பெனிக்கு நேர்ந்த இழப்பு என்ன, விவரம் தரவும் என்று கேட்டார். கூடவே, நோட்டீஸ் வந்த மாதமே இவனைப் பற்றி விசாரித்த வேறொரு கம்பெனியிடம் எச்.ஆர். ஆள் ஒருவர் "தகராறு பண்ணிட்டுப் போனவன்" என்று சொன்னதற்குச் சாட்சி இருப்பதையும் எழுதினார். அவன் ஒப்பந்தத்தில் கம்பெனி பதிலுக்கு எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை, அதனால் இதைத் தனி மீறலாகக் காட்ட முடியாது. ஆனாலும் பேச்சுவார்த்தைக்கு அது எடை சேர்த்தது.

முடிவில், அவன் அந்தச் செய்தியை நீக்கினான். எதையும் ஒப்புக்கொள்ளாமல், இனி இப்படி நடக்காது என்று ஒரு கடிதம் கொடுத்தான். கம்பெனி பணத்தைத் திரும்பக் கேட்பதை விட்டுவிட்டது. மீதித் தவணை மூன்று மாதம் தாமதமாக வந்தது, அதில் ஒரு பகுதி மேடத்தின் கட்டணத்துக்குப் போனது. மீதியை ஒரு வருடம் கழித்துத் தருகிறோம் என்பதன் பொருள் அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. வழக்கெல்லாம் எதற்கு, கொடுக்க வேண்டியதைக் கையில் வைத்திருந்தால் போதுமே. என் ஒப்பந்தத்தில் மேடம் ஒரு வரி சேர்த்திருந்தார்: மீறல் என்று கருதினால் முதலில் எழுத்தில் தெரிவித்து, சரிசெய்யப் பத்து நாள் அவகாசம் தர வேண்டும், அதற்குள் சரிசெய்தால் பணத்தில் கை வைக்கக் கூடாது. கையெழுத்துப் போட்டபோது எதற்கிது என்று நான் அலட்சியமாக இருந்த வரி. தம்பிக்கு இது இருந்திருந்தால், செய்தியை நீக்கியதோடு முடிந்திருக்கும்.

இனி எனக்கு நடந்தது. கையெழுத்தாகி ஒன்பதாவது மாதம், உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து போன். அந்தத் தேதி ஸ்டிக்கர் விவகாரத்தில் வேறு யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள், என் பழைய கடிதமும் அவர்கள் கைக்குக் கிடைத்திருக்கிறது, வந்து பேச முடியுமா என்று கேட்டார் அதிகாரி. சம்மன் இல்லை. வெறும் வேண்டுகோள். மூன்று மாதத்தில் இரண்டாம் தவணை வர வேண்டும்.

"கட்டாயப்படுத்தும் சந்தர்ப்பம்" என்ற பழைய வாசகமே இருந்திருந்தால் நான் போயிருப்பேனா? தைரியமாகச் சொல்ல முடியவில்லை. "தாமாகவோ அழைப்பின் பேரிலோ" என்று இருந்ததால் மறுநாளே போனேன். போகும் முன் மேடம் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். பார்த்ததைப் பார்த்ததாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விதிவிலக்கு காப்பது உண்மையான வாக்குமூலத்தை, ஊகத்தை இல்லை. கேட்ட கேள்விக்கு அந்த அறைக்குள் பதில் சொல்லிவிட்டு, வெளியே வந்தபின் வாய் திறக்கக் கூடாது. எந்தத் தொகுதி எண், எந்த ஷிஃப்ட், பழைய தேதி என்ன, நான் எப்போது எழுதிக் கொடுத்தேன் என்று நினைவில் இருந்தவரை சொன்னேன். அதிகாரி நடுவில் "மொத்தத்துல அந்த மேனேஜ்மென்ட் எப்படி சார்?" என்று கேட்டார். நாக்கு நுனி வரை வந்தது. "தொகுதி விவரத்தோட நிறுத்திக்கிறேங்க" என்றேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு பத்திரிகையாளர் கூப்பிட்டார். அந்த விசாரணை பற்றி எப்படியோ தெரிந்திருக்கிறது. அதிகாரியிடம் சொன்ன அதே தகவலைத்தான் அவரும் கேட்டார், நல்ல நோக்கத்தோடுதான் கேட்டார். ஆனால் விதிவிலக்கில் இருப்பது "சட்டப்படி அதிகாரம் பெற்ற அமைப்பு". பத்திரிகை அதில் வராது. அதே வாக்கியம், அதே உண்மை. ஒரு காதில் சொன்னால் பாதுகாப்பு, இன்னொரு காதில் சொன்னால் மீறல். பெயர் போட மாட்டேன் என்றார். மூன்றாம் ஷிஃப்ட் கதை ஞாபகம் வந்தது. "சொல்றதுக்கு எதுவும் இல்லைங்க" என்று வைத்துவிட்டேன். அன்று இரவு என் மேல் எனக்கே கொஞ்சம் கோபமாக இருந்தது, மறைப்பானேன்.

நான் அலுவலகத்துக்குப் போய் வந்தது கம்பெனிக்கும் தெரிந்தது. ஒரு கடிதம் வந்தது, "தங்கள் ஒப்பந்தக் கடமைகளை நினைவூட்டுகிறோம்" என்று. மேடம் விதிவிலக்குப் பத்தியை அப்படியே நகலெடுத்து, கீழே ஒரு வரிகூடச் சேர்க்காமல் பதிலாக அனுப்பினார். இரண்டாம் தவணை குறித்த தேதியில் வந்தது.

போன மாதத்தோடு இரண்டு வருடம் முடிந்தது. தம்பிதான் முதலில் கூப்பிட்டான், "இனி நீங்க எழுதலாமேண்ணா, பேரோட" என்று. எனக்கும் ஆசைதான். ஒன்பது பக்கத்தையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஏழாம் பக்கத்துக் குறைகூறாமை ஷரத்துக்கு இரண்டு வருடம் என்று இருக்கிறது. ஐந்தாம் பக்கத்து ரகசியக் காப்பு ஷரத்தில், தொகையும் ஒப்பந்தம் இருப்பதும் உள்ளிருந்து தெரிந்துகொண்ட தகவல்களும் வெளியே போகக் கூடாது என்கிறது. அதற்குக் காலவரை கேட்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அதனால்தான் இங்கே ஊர் இல்லை, பெயர் இல்லை, தொழிலும் வேறு. பதிவிடுவதற்கு முன் மேடத்துக்கு அனுப்பினேன். படித்துவிட்டு, ஷிஃப்ட் எண்ணையும் மாற்றச் சொன்னார். மாற்றிவிட்டேன்.